டிரஸ் கணக்கு உதைக்கும்போது: விறைப்பு அணி முறையில் பிழை தேடும் வழி

உறுப்புக்கு உறுப்பு விறைப்பு அணி எழுதி, எல்லாவற்றையும் ஒரே பெரிய அணியில் கூட்டி, தாங்கிகளைப் போட்டு, மூட்டுகளின் இடப்பெயர்ச்சியைத் தீர்க்கப் போகிறீர்கள். கணினி மறுக்கிறது, அல்லது நம்பவே முடியாத ஒரு விடையைத் தருகிறது. அந்த நேரத்துக்காக எழுதியது இது. முறையைப் புதிதாகக் கற்றுக்கொடுக்கும் பாடம் இல்லை. நோயைப் பார்த்துக் காரணத்துக்குப் போகும் வழி மட்டும்தான்.

எல்லா அறிகுறிகளையும் ஒரே டிரஸில் காட்டுகிறேன். நீங்களும் அதையே உங்கள் நிரலில் ஓட்டிப் பாருங்கள். கூரை வடிவில் ஒரு முக்கோணம். மூட்டு 1 இடது ஓரத்தில் (0, 0), மூட்டு 2 வலது ஓரத்தில் (8, 0), மூட்டு 3 உச்சியில் (4, 3), அளவுகள் மீட்டரில். அடி உறுப்பு 1-2 எட்டு மீட்டர். சாய்வு உறுப்புகள் 1-3, 2-3 இரண்டும் ஐந்து மீட்டர். மூன்றுக்கும் குறுக்குவெட்டுப் பரப்பு 1200 சதுர மிமீ, எஃகின் மீள்குணகம் 200 கிகாபாஸ்கல். ஆகவே `EA` = 240000 கிலோநியூட்டன். மூட்டு 1 எந்தப் பக்கமும் நகராத பின் தாங்கி, மூட்டு 2 கிடையாக உருளும் ரோலர். உச்சியில் கீழ்நோக்கி 48 கிலோநியூட்டன் சுமை.

`EA/L` அடி உறுப்புக்கு 30000, சாய்வு உறுப்புகளுக்கு 48000 கிலோநியூட்டன்/மீட்டர். மூட்டு 1-இன் கிடை, குத்து நகர்வுகளுக்கு 1, 2 என்றும், மூட்டு 2-க்கு 3, 4 என்றும், மூட்டு 3-க்கு 5, 6 என்றும் எண் கொடுத்தால், தாங்கிகள் போடுவதற்கு முந்தைய முழு அணி இது:

```
 60720   23040  -30000       0  -30720  -23040
 23040   17280       0       0  -23040  -17280
-30000       0   60720  -23040  -30720   23040
     0       0  -23040   17280   23040  -17280
-30720  -23040  -30720   23040   61440       0
-23040  -17280   23040  -17280       0   34560
```

இதைக் கட்டும் நிரல் இவ்வளவுதான். பைத்தான் சுழியத்திலிருந்து எண்ணும். அதனால் அங்கே மூட்டு 1 என்பது 0, நகர்வு 6 என்பது 5.

```python
import numpy as np
xy = np.array([[0,0],[8,0],[4,3]], float)
mem = [(0,1),(0,2),(1,2)]
EA = 240000.0
K = np.zeros((6,6))
for i, j in mem:
    d = xy[j] - xy[i]
    L = np.hypot(*d)
    c, s = d/L
    b = np.array([-c, -s, c, s])
    g = [2*i, 2*i+1, 2*j, 2*j+1]
    K[np.ix_(g,g)] += EA/L * np.outer(b, b)
```

சரியான விடை: மூட்டு 2 வலப்புறம் 1.067 மிமீ, மூட்டு 3 வலப்புறம் 0.533 மிமீ, கீழே 2.100 மிமீ. அடி உறுப்பில் 32 கிலோநியூட்டன் இழுவிசை, இரு சாய்வுகளிலும் 40 கிலோநியூட்டன் அமுக்கவிசை. தாங்கிக்கு 24 வீதம் மேல்நோக்கிய எதிர்வினை. உங்கள் நிரல் இதைத் தந்தால் மேலே படிக்க அவசரமில்லை, தராவிட்டால் வாருங்கள்.

அறிகுறி: "சிங்குலர் மேட்ரிக்ஸ்" என்று நின்றுவிடுகிறது, அல்லது இடப்பெயர்ச்சி கோடிக்கணக்கான மீட்டர் என்று வருகிறது

பைத்தானில் இது `LinAlgError: Singular matrix` என்று வரும். இரண்டாவது வடிவம்தான் ஆபத்தானது. தசமப் பிழையால் சுழியம் சரியாகச் சுழியமாக இல்லாமல் மிகச் சிறிய எண்ணாக நின்றுவிடும். கணினி அதால் வகுத்து, எச்சரிக்கை ஏதும் இல்லாமல் ஒரு விடையைக் கையில் கொடுத்துவிடும். இரண்டும் ஒரே நோய்: தாங்கிகள் போட்ட பிறகு மிஞ்சிய அணி பூச்சியக் கோவை அணியாக இருக்கிறது.

இந்தச் செய்தியைப் பார்த்ததும் எல்லோரும் தாங்கிகளைத்தான் சந்தேகிப்போம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். தாங்கி ஒரு காரணம் மட்டுமே. கீழே வரும் காரணங்களில் பலவற்றுக்குத் தாங்கியோடு எந்தத் தொடர்பும் இல்லை. அதனால் முதலில் தாங்கியைத் தொடாதீர்கள். தாங்கி போடுவதற்கு முந்தைய முழு அணியிடம் கேள்வி கேளுங்கள்.

கேள்வி இதுதான். தாங்கியே இல்லாத டிரஸ் காற்றில் மிதக்கும் ஒரு பொருள். அதை அப்படியே வலப்புறம் நகர்த்தினால் எந்த உறுப்பும் நீளாது, ஆகவே விசை எதுவும் தேவைப்படக் கூடாது. மேலே நகர்த்தினாலும் அப்படியே. சிறிய கோணத்தில் சுழற்றினாலும் அப்படியே. இந்த மூன்று நகர்வுகளையும் அணியால் பெருக்கினால் சுழியம் வர வேண்டும்.

```python
tx = np.array([1,0,1,0,1,0.])
ty = np.array([0,1,0,1,0,1.])
rot = np.column_stack((-xy[:,1], xy[:,0])).ravel()
for r in (tx, ty, rot):
    print(abs(K @ r).max() / abs(K).max())
```

மூன்று வரிகளிலும் சுழியமோ, `1e-15` சுற்றிலான எண்ணோ வந்தால் சரி. சுழற்சி என்பது ஒவ்வொரு மூட்டிலும் கிடை நகர்வு `-y`, குத்து நகர்வு `x`. நம் டிரஸில் மூட்டு 1 நகராது, மூட்டு 2 எட்டு அலகு மேலே போகும், மூட்டு 3 இடப்புறம் மூன்றும் மேலே நான்கும் போகும். ஐந்தாம் வரிசையைக் கையால் போட்டுப் பாருங்கள்: 23040 × 8 − 61440 × 3 = 184320 − 184320 = 0. இப்படி ஒரு வரிசையைக் கையால் சரிபார்த்துவிட்டால் சோதனையின் மீதும் நம்பிக்கை வந்துவிடும்.

இந்த மூன்று வரிகளின் விடை உங்களை எங்கே அனுப்புகிறது என்பதுதான் முக்கியம். நகர்த்தும் சோதனையே தோற்றால், கூட்டும் இடத்தில் பிழை. நகர்த்தும் சோதனை வென்று சுழற்றும் சோதனை மட்டும் தோற்றால், ஏதோ ஓர் உறுப்பின் திசை தவறு. மூன்றும் வென்றால்தான் தாங்கிகளையும் டிரஸின் அமைப்பையும் பார்க்க வேண்டும்.

சுழற்சி மட்டும் தோற்கிறது

ஒவ்வொரு உறுப்பின் நான்குக்கு நான்கு அணியிலும், ஒரு முனையின் எண்களும் மறுமுனையின் எண்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கோணம் எதுவாக இருந்தாலும் இது நடக்கும். அதனால்தான் திசை தவறான உறுப்பும் நகர்த்தும் சோதனையைத் தாண்டிவிடுகிறது. சுழற்றும்போது மட்டுமே, உறுப்பு எந்தக் கோட்டில் கிடக்கிறது என்ற செய்தி கணக்குக்குள் வருகிறது.

நான் அடிக்கடி பார்க்கும் பிழை, திசைக் கோசைன்களைக் கணக்கிடும்போது நீளத்தைப் போலவே வேறுபாட்டையும் மிகை எண்ணாக்கிவிடுவது. உறுப்பு 2-3 வலமிருந்து இடமாக ஏறுகிறது; அதற்கு `c` = −0.8, `s` = 0.6. கூட்டல் குறியோடு 0.8 என்று போட்டுவிட்டால் மூலைவிட்டத்தில் எதுவும் மாறாது, ஏனென்றால் அங்கே இருப்பவை வர்க்கங்கள். அணி சமச்சீராகவே இருக்கும். மூலைவிட்ட எண்கள் எல்லாம் மிகையாகவே இருக்கும். `cs` வரும் இடங்களில் மட்டும் குறி திரும்பிவிடும். தாங்கிகள் போட்ட பிறகு மிஞ்சும் அணி இப்படி ஆகிவிடும்:

```
 60720  -30720  -23040
-30720   61440   46080
-23040   46080   34560
```

கடைசி வரிசையை 4/3-ஆல் பெருக்குங்கள், இரண்டாம் வரிசை அப்படியே வரும். பூச்சியக் கோவை அணி. தாங்கிகள் எல்லாம் சரியாக இருந்தும் கணக்கு நின்றுவிட்டது. காரணம் இயற்பியலிலேயே இருக்கிறது: கணக்கின் கண்ணுக்கு இரண்டு சாய்வு உறுப்புகளும் இணையாகிவிட்டன. உச்சி மூட்டை இரண்டு இணைக் கம்பிகள் பிடித்திருந்தால், அவற்றுக்குக் குறுக்கே அது தடையின்றி ஓடும். இதைத் தேடி ஒரு மாணவர் இரண்டு நாள் தாங்கிகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். சுழற்சிச் சோதனையின் மூன்றாம் வரி ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கும்.

இதன் உடன்பிறப்பு, கோணத்தைப் பாகையில் கொடுத்து ரேடியன் கேட்கும் சார்பில் போடுவது. சாய்வுக் கோணம் 36.87 பாகை. அதை அப்படியே பைத்தானுக்குக் கொடுத்தால் கோசைன் 0.68, சைன் −0.74 என்று வரும். இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் ஒன்றுதான் வரும் என்பதால் அந்தச் சரிபார்ப்பு உதவாது. என் கருத்து: டிரஸ் நிரலில் கோணம் என்ற ஒன்றே இருக்க வேண்டாம். முனைகளின் ஆயங்களைக் கழித்து நீளத்தால் வகுத்தால் குறியும் அளவும் தானாகச் சரியாக அமையும்.

நகர்த்தும் சோதனையே தோற்கிறது

இந்த முறையின் உயிர் கூட்டலில் இருக்கிறது. 1950களில் போயிங்கில் விமானங்களின் விறைப்பைக் கணக்கிட உழைத்த டர்னரும் உடன் இருந்தவர்களும் இதற்கு வடிவம் கொடுத்தபோது, ஒவ்வொரு உறுப்பின் விறைப்பையும் நேராக அதற்குரிய இடத்தில் சேர்த்துவிடலாம் என்பதே எளிமையைத் தந்தது. ஒரு மூட்டில் மூன்று உறுப்புகள் கூடினால் மூன்றின் பங்கும் அங்கே சேர வேண்டும். `+=` என்று எழுத வேண்டிய இடத்தில் `=` என்று எழுதினால், கடைசியாக வந்த உறுப்பு முந்தையவற்றை அழித்துவிடும்.

இந்தப் பிழையின் கொடுமை, அது ஒரே முகத்தோடு வராது என்பது. நம் டிரஸில் உறுப்புகளை 1-2, 1-3, 2-3 என்ற வரிசையில் கொடுத்தால், தாங்கி போட்டபின் மிஞ்சும் மூன்றுக்கு மூன்று அணியில் 2-3 என்ற ஒரே உறுப்பு மட்டும் இருக்கும். கணக்கு நின்றுவிடும். அதே நிரலுக்கு 2-3, 1-3, 1-2 என்று கொடுத்துப் பாருங்கள். கணக்கு நிற்காது. மூட்டு 2 இடப்புறம் 1.04 மிமீ, மூட்டு 3 இடப்புறம் 1.03 மிமீ, உச்சியின் இறக்கம் வெறும் 0.016 மிமீ என்று விடை வரும். எண்கள் மில்லிமீட்டர் அளவில் அடக்கமாக இருப்பதால் சந்தேகமே வராது. ஆனால் கூரை உச்சியில் சுமை வைத்தால் ரோலர் வெளியே தள்ளப்பட வேண்டும். இங்கே அது உள்ளே வந்திருக்கிறது.

இதிலிருந்து நல்ல சோதனை ஒன்று கிடைக்கிறது. உறுப்புப் பட்டியலைக் கலைத்து வேறு வரிசையில் ஓட்டுங்கள். தசமப் பிழையைத் தாண்டி ஒரு எண் மாறினாலும், பிழை கூட்டும் இடத்தில்தான். கூட்டலுக்கு வரிசை முக்கியமில்லை, அழித்தெழுதலுக்கு முக்கியம்.

உறுப்பின் எண்களை வேறொரு மூட்டின் இடத்தில் போட்டுவிடுவது இன்னொரு வகை. முனையெண் பட்டியலில் 2-3 என்பதற்குப் பதில் 2-1 என்று விழுந்தால், ஆயங்களையும் அதே பட்டியலிலிருந்து எடுக்கும் நிரலில் எந்தச் சோதனையும் தோற்காது. கணினிக்கு அது 1-க்கும் 2-க்கும் இடையே இரண்டாவது கம்பி, அவ்வளவே. அந்தப் பிழையைப் பிடிக்க உறுப்புகளை வரைந்து பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. படம் வரையும் நான்கு வரியை நிரலின் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

மூன்று சோதனையும் வென்றது, இன்னும் கணக்கு நிற்கிறது

இப்போது தாங்கிகளுக்கு வரலாம். ஊகிக்க வேண்டாம், எது ஓடுகிறது என்று அணியையே கேளுங்கள். தாங்கி போட்டபின் மிஞ்சிய அணிக்கு `np.linalg.eigh` கொடுத்து, மிகச் சிறிய ஐகென் மதிப்பையும் அதன் திசையனையும் பாருங்கள். மதிப்பு சுழியத்துக்கு அருகில் இருந்தால், அந்தத் திசையன்தான் டிரஸ் எதிர்ப்பின்றி ஓடும் வடிவம். அதைப் படமாக வரைந்தால் காரணம் பெரும்பாலும் தானே தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு. நம் டிரஸில் நீக்க வேண்டியவை 1, 2, 4. சிலர் அந்த வரிசைகளை ஒவ்வொன்றாக நீக்குவார்கள். முதல் வரிசை போனதும் மீதி எல்லாம் ஓர் இடம் மேலே ஏறிவிடும். அடுத்து இரண்டாவதை நீக்கும்போது போவது உண்மையில் 3. பிறகு நான்காவதை நீக்கும்போது போவது 6. மிஞ்சுவது 2, 4, 5. அதன் சுழிய வடிவத்தை வரைந்தால் மூட்டு 1 மேலே, மூட்டு 2 கீழே, உச்சி பக்கவாட்டில் போகும். அடி உறுப்பின் நடுப்புள்ளியைச் சுற்றி டிரஸ் மொத்தமாகச் சுழல்கிறது. நாம் போட்ட தாங்கிகள் வேறு, கணினி புரிந்துகொண்டது வேறு என்பது அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும். மருந்து எளிது: நீக்காதீர்கள், தேர்ந்தெடுங்கள். கீழே நிரலில் வரும் 2, 4, 5 சுழியத்திலிருந்து எண்ணியவை, அதாவது நம் 3, 5, 6.

```python
free = [2, 4, 5]
P = np.zeros(6)
P[5] = -48
u = np.zeros(6)
u[free] = np.linalg.solve(K[np.ix_(free,free)], P[free])
R = K @ u - P
```

முழு அணியைக் கெடுக்காமல் வைத்துக்கொள்வதால் கடைசி வரியில் எதிர்வினைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன.

தாங்கிகளும் சரி என்றால், டிரஸே நொடித்துப்போகக்கூடிய அமைப்பாக இருக்கலாம். மூலைவிட்டம் இல்லாத நாற்கரத்தை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்ணுக்குத் தப்புவது வேறொன்று. அடி உறுப்பின் நடுவில் (4, 0) என்ற இடத்தில் ஒரு புது மூட்டை வைத்து, எட்டு மீட்டர் கம்பியை நான்கு நான்காக்குகிறீர்கள். அங்கே வந்து சேர்வது இரண்டும் கிடைக் கம்பிகள். அந்த மூட்டின் குத்து நகர்வுக்கான வரிசை முழுவதும் சுழியம். நிஜக் கம்பி அங்கே தொங்கிவிடாதே என்று கேட்கத் தோன்றும். உண்மைதான். நிஜத்தில் கம்பி வளைவை எதிர்க்கும். இழுவிசையில் இருக்கும் கம்பி பக்கவாட்டுத் தள்ளலையும் எதிர்க்கும். நாம் எழுதிய நேரியல் டிரஸ் அணியில் இவை இரண்டுமே இல்லை. அந்த மூட்டு வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். வேண்டுமென்றால் உச்சியிலிருந்து அதற்கு ஒரு செங்குத்து உறுப்பு போடுங்கள். அந்த உறுப்பில் விசை சுழியமாக வரும். புது மூட்டு உச்சியோடு சேர்ந்து அதே 2.100 மிமீ இறங்கும். இது நல்ல சரிபார்ப்பும்கூட.

அறிகுறி: விசைகள் சரி, இடப்பெயர்ச்சி ஆயிரம் மடங்கு தவறு

அலகுக் குழப்பம். இதில் ஒரு குறிப்பான பொறி இருக்கிறது. மீள்குணகம் நியூட்டன்/சதுர மிமீ-இல், பரப்பு சதுர மிமீ-இல், நீளம் மிமீ-இல் கொடுத்தால் சாய்வு உறுப்பின் விறைப்பு 48000 நியூட்டன்/மிமீ. கிலோநியூட்டனும் மீட்டரும் எடுத்தாலும் அதே 48000. எண் ஒன்றே என்பதால் அலகு மாறியதைக் கண் கவனிக்காது. மிமீ அலகில் அணியைக் கட்டிவிட்டுச் சுமையை 48 என்று கிலோநியூட்டனில் போட்டால், உச்சியின் இறக்கம் 0.0021 என்று வரும். அது மீட்டர். மிமீ என்று படித்தால் கூரை அசையவே இல்லை என்று நினைத்துவிடுவோம்.

விசைகள் சரியாக இருப்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் டிரஸ் நிலையியல் சமன்பாடுகளாலேயே தீர்ந்துவிடும் வகை. மீள்குணகத்தைப் பத்து மடங்கு தவறாகப் போட்டாலும், ஓர் உறுப்பின் பரப்பைப் பாதியாக்கினாலும், விசைகள் 32, −40, −40 என்றே வரும். எதிர்வினைகளும் சமநிலையாகவே இருக்கும். சமநிலைச் சோதனைக்கு விறைப்பின் அளவைப் பற்றி எதுவும் தெரியாது. மேலே சொன்ன மூன்று நகர்வுச் சோதனைகளுக்கும் தெரியாது. அளவைப் பிடிக்க வெளியிலிருந்து ஓர் எண் வேண்டும்.

நான் வைத்திருக்கும் எண் இது. சாய்வு உறுப்பில் 40 கிலோநியூட்டன், பரப்பு 1200 சதுர மிமீ. தகைவு 33 நியூட்டன்/சதுர மிமீ. அதை 200000-ஆல் வகுத்து 5000 மிமீ-ஆல் பெருக்கினால் உறுப்பு 0.83 மிமீ சுருங்குகிறது. மூட்டின் நகர்வு இதைப்போல ஓரிரு மடங்கில் இருக்க வேண்டும். 2.1 நம்பத்தக்கது, 0.0021 நம்பத்தக்கதல்ல, 2100 சிரிப்புக்குரியது. இன்னும் துல்லியம் வேண்டுமானால் அலகுச் சுமை முறையில் போடுங்கள். உச்சியில் ஓர் அலகுச் சுமை வைத்தால் சாய்வுகளில் 40/48, அடியில் 32/48. இரு சாய்வுகளின் பங்கு 1.389 மிமீ, அடி உறுப்பின் பங்கு 0.711 மிமீ. கூட்டினால் 2.100.

அறிகுறி: விடை கிட்டத்தட்ட சரி, ஆனால் கொஞ்சம் கூடுதல்

உச்சி 2.10-க்குப் பதில் 2.34 மிமீ இறங்குகிறதா? தாங்கிகளைப் பெரிய எண் சேர்த்துப் பூட்டும் வழியில் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். மூலைவிட்டத்தில் பெரிய எண்ணைச் சேர்ப்பது என்றால், தாங்கிக்குக் கீழே ஒரு சுருள்வில்லை வைப்பது என்று பொருள். எண் 100000 என்றால், 24 கிலோநியூட்டன் எதிர்வினையில் அந்த வில் 0.24 மிமீ அமுங்கும். முழு டிரஸும் அவ்வளவு தாழ்ந்து உட்காரும். தாங்கியின் இடப்பெயர்ச்சியை அச்சிட்டாலே தெரிந்துவிடும். அணியின் மிகப் பெரிய எண்ணைப்போலக் கோடி மடங்கு எடுத்தால் இந்த அமுக்கம் கணக்கில் வராத அளவுக்குச் சிறுக்கும். ஆனால் கணினி வைத்திருப்பது சுமார் பதினாறு இலக்கம்தான். எண்ணை எல்லையில்லாமல் ஏற்றினால், சாய்ந்த தாங்கிகளில் பக்கத்து எண்கள் அதில் கரைந்துபோகும். சிறிய டிரஸுக்கு இந்த வழியே தேவையில்லை என்பது என் எண்ணம். மேலே சொன்ன `free` பட்டியல் போதும்.

அறிகுறி: இடப்பெயர்ச்சி சரி, உறுப்பு விசை தவறு

இடது சாய்வில் −40 வந்து வலது சாய்வில் −80.96 வந்தால், ரோலரின் நகர்வைக் கழிக்க மறந்திருக்கிறீர்கள். உறுப்பு விசைக்கு வேண்டியது ஒரு முனையின் நகர்வு அல்ல. இரு முனைகளின் நகர்வு வேறுபாடு, உறுப்பின் திசையில். மூட்டு 3-க்கும் மூட்டு 2-க்கும் கிடை வேறுபாடு 0.5333 − 1.0667 = −0.533 மிமீ. அதை −0.8-ஆல் பெருக்கினால் +0.427. குத்தில் −2.1 × 0.6 = −1.26. மொத்தம் −0.833 மிமீ, 48000-ஆல் பெருக்க −40. இடது சாய்வில் மூட்டு 1 நகரவே இல்லை என்பதால் அங்கே இந்தப் பிழை வெளியே தெரியவில்லை. தாங்கியில் முடியாத உறுப்புகள் உள்ள பெரிய டிரஸில் எல்லா இடத்திலும் தெரியும்.

எல்லா உறுப்புகளும் அளவில் சரியாகவும் குறியில் தலைகீழாகவும் வந்தால், திசையன் `[-c, -s, c, s]` என்பதை எதிர்க்குறியில் எழுதியிருப்பீர்கள். அணியைக் கட்டும்போது குறி இரண்டு முறை பெருகி மறைந்துவிடும், விசையில்தான் வெளிப்படும். அந்தத் திசையனோடு மிகை விடை வந்தால் இழுவிசை. உறுப்பின் முனைகளை எந்த வரிசையில் எழுதினாலும் இது மாறாது. ஓர் உறுப்பு மட்டும் புரண்டிருந்தால் அந்த உறுப்பின் கோசைனை விசைக்காகத் தனியாக மறுபடி கணக்கிட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கணக்கிட்டதைச் சேமித்து வைத்து அதையே எடுப்பது நல்லது.

எதிர்வினைகள் சரியாக இருந்தும் உறுப்பு விசை தவறுவது இந்தக் கட்டத்தில் சாத்தியம், ஏனென்றால் எதிர்வினை முழு அணியிலிருந்து வருகிறது, விசை தனிச் சூத்திரத்திலிருந்து வருகிறது. அதனால் ஒவ்வொரு மூட்டிலும் உறுப்பு விசைகளைக் கூட்டிச் சமநிலை பாருங்கள். உச்சியில்: இரு சாய்வுகளும் மேல்நோக்கித் தள்ளுவது 2 × 40 × 0.6 = 48. சுமையோடு சரியாகிவிட்டது.

அறிகுறி: எல்லாம் சரியாக வருகிறது, ஆனால் கூரை நிற்குமா?

இதை அறிகுறி என்று சொல்லலாமா தெரியவில்லை. ஆனாலும் கேட்பவர்கள் உண்டு. இந்த அணி ஒரு கம்பியை இழுத்தாலும் அமுக்கினாலும் ஒரே விறைப்பைத்தான் தரும். அமுக்கத்தில் கம்பி பக்கவாட்டில் வளைந்து ஒடிவது அதற்குத் தெரியாது. நம் சாய்வு உறுப்பின் சுழல் ஆரம் 20 மிமீ என்று வைத்துக்கொள்வோம். நிலைமத் திருப்புத்திறன் 480000 மிமீ⁴. இரு முனையும் தடையின்றிச் சுழலும் பின் மூட்டு, நீளம் ஐந்து மீட்டர் என்றால் ஆய்லர் சுமை 37.9 கிலோநியூட்டன். நம் நிரல் அதே உறுப்பில் −40 என்று சொல்கிறது. தகைவோ வெறும் 33. விடையில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் அந்தக் கம்பி 48 கிலோநியூட்டன் முழுமையாக ஏறுவதற்கு முன்பே வளைந்துவிடும். குறை எண் வந்த ஒவ்வொரு உறுப்புக்கும் இந்த ஒரு வரிக் கணக்கைத் தனியாகப் போட்டு, விசைப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே அச்சிட்டு வையுங்கள்.